பொங்கலுக்கு வராத சேலையும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில் பருத்திக் கைத்தறிச் சேலை விற்பவர்களுக்கு ஒரு தலைவலி தவறாமல் வரும். சேலம் பக்கத்துத் தெருக்களில் பாவு விரிக்க முடியாது. நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவி, வெயிலில் காயவைத்தால்தான் அது தறியில் ஏறும். ஈரத்தோடு ஏற்றினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கால்மிதி இருக்கும் குழியில் நீர் ஊறிவிட்டால், அது வற்றும்வரை தறியில் உட்கார முடியாது. மழை நான்கு நாள் நீடித்தால் வேலை நான்கு நாளோடு நிற்பதில்லை, பத்து நாள் பின்தங்கிவிடும்.

இந்தத் தறிகளை நம்பி இணையத்தில் ஆர்டர் எடுத்த கடைக்காரர், பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியாக வேண்டும். தாமதத்துக்கு வருத்தம், புதிய தேதி, சிறு தள்ளுபடி என்று மூன்றே விஷயங்கள்தான் அதில் இருக்கும். பார்வைக்குச் சுலபமான இந்தக் கடிதம் பெரும்பாலும் சொதப்பலாகவே வருகிறது. காரணம், எழுதுகிறவர் தன் முழுக் கவனத்தையும் மன்னிப்பு கேட்கும் வரிகளில் செலவிடுகிறார். தேதியைக் கடைசியில், மனக்கணக்காகப் போட்டுவிடுகிறார். என் கணிப்பில் இந்தக் கடிதத்தின் உயிர் தேதியில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரு சிறிய கடையைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு தறிகள் அதற்காக நெய்கின்றன. டிசம்பர் 20-க்குள் கைக்கு வந்துவிடும் என்று சொல்லி, தலா 2,400 ரூபாய்க்கு 60 சேலைகளுக்குப் பணம் வாங்கியிருக்கிறது. டிசம்பர் 9 அன்று 22 சேலைகள் தயார், 38 பாக்கி. வெளியே மழை. அடுத்த இரண்டு மூன்று நாளும் விடாது என்கிறது வானிலை அறிக்கை.

கடைக்காரர் இப்போது செய்ய வேண்டியது ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவது. மழை 11-ஆம் தேதி விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 12, 13 தேதிகளில் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கலாம். 14 அன்று புதிய பாவின் இழைகளைத் தறியில் இருக்கும் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆக 15-ஆம் தேதி தறி ஓடும். ஒரு தறிக்கு இரண்டு நாளில் ஒரு சேலை. நான்கு தறிக்கும் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டு. 38 சேலைக்கு 19 வேலை நாள், வார விடுப்புகளைச் சேர்த்தால் 22 நாள். ஜனவரி 5 அன்று கடைசிச் சேலை தறியிலிருந்து இறங்கும். பிசிறு வெட்டி, மடித்து, பொதிய இரண்டு நாள். கூரியருக்கு அதிகபட்சம் ஐந்து நாள். ஜனவரி 12.

இந்த இடத்தில்தான் கை நடுங்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் வந்துவிடும் என்ற மகிழ்ச்சியில் "ஜனவரி 12" என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தத் தேதி, எல்லாம் சரியாக நடந்தால் மட்டுமே வரும் தேதி. மழை இன்னும் ஒரு நாள் பிடித்தாலோ, ஒரு நெசவாளர் காய்ச்சலில் படுத்தாலோ, பண்டிகை நெருக்கடியில் கூரியர் தேங்கினாலோ அது தவறிவிடும். எழுத வேண்டிய தேதி வேறு. ஒன்றிரண்டு விஷயம் கெட்டுப்போனாலும் காப்பாற்றக்கூடிய தேதியைத்தான் எழுத வேண்டும். நான்கு நாள் சேர்த்தால் ஜனவரி 16. அதாவது, பொங்கலுக்கு வராது.

கசப்பான இந்த விடை எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்பதை அடுத்து கவனிக்க வேண்டும். பாக்கி இருக்கும் 38-இல் முதல் 18 சேலைகள் டிசம்பர் 25 வாக்கிலேயே தறியிலிருந்து இறங்கிவிடும். பொதிந்து அனுப்பினால் ஜனவரி 1-க்குள் போய்ச் சேரும், மூன்று நாள் கூட்டினால் ஜனவரி 4. எனவே ஒரே கடிதத்தை 60 பேருக்கும் அனுப்புவது தவறு. தயாராகிவிட்ட 22 பேருக்கு மன்னிப்புக் கடிதமே தேவையில்லை. அது போனால் வீண் கலக்கம்தான் மிஞ்சும். 18 பேருக்கு ஜனவரி 4, 20 பேருக்கு ஜனவரி 16 என்று இரண்டு கடிதங்கள் வேண்டும். யாரை முந்திய தொகுப்பில் சேர்ப்பது என்பதற்கு ஆர்டர் கொடுத்த வரிசையைப் பின்பற்றுவது நியாயம். பொங்கலன்று உடுத்தத்தான் வாங்கினேன் என்று பிந்திய தொகுப்பில் ஒருவர் சொன்னால், அவசரமில்லாத ஒருவரோடு இடம் மாற்றிக்கொடுக்கலாம். அப்படிச் சொல்ல வாடிக்கையாளருக்குக் கடிதத்திலேயே ஒரு வழி வைக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். 2017-இல் அமெரிக்காவில் ஊபர் நிறுவனத்தின் 15 லட்சம் பயணிகளிடம் பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வண்டி சொன்ன நேரத்துக்கு மிகவும் பிந்திப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலருக்கு மன்னிப்பு மின்னஞ்சல் மட்டும் போனது. சிலருக்கு 5 டாலர் சலுகையும் சேர்ந்து போனது. சிலருக்கு எதுவும் போகவில்லை. வெறும் வார்த்தைகளால் பெரிய பலன் இல்லை, சலுகையோடு வந்த மன்னிப்பு ஓரளவு வேலை செய்தது. இதைவிட முக்கியமான இன்னொரு முடிவும் கிடைத்தது. மன்னிப்புக் கடிதம் வந்த பிறகும் அதே பயணிக்கு மறுபடி மறுபடி தாமதம் நேர்ந்தபோது, கடிதமே வராதவர்களைவிட இவர்கள் நிறுவனத்தின்மேல் அதிகமாக மனம் விட்டுப்போனார்கள். மன்னிப்பு என்பது இனி இப்படி நடக்காது என்ற வாக்கு. அது உடையும்போது இழப்பு இரட்டிப்பாகிறது. ஜனவரி 12 என்று எழுதிவிட்டு 15 அன்று கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, 16 என்று எழுதி 13 அன்று கொடுப்பது மேல் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டமும் முதல் தாமதத்தையும் இரண்டாவது தாமதத்தையும் வேறுவேறாகவே பார்க்கிறது. அஞ்சலில் ஆர்டர் எடுத்து விற்பவர்களுக்காக 1975-இல் அங்கே வந்த விதி இன்று இணைய வணிகத்துக்கும் பொருந்தும். முதல் தாமதம் 30 நாளுக்குள் என்றால், விற்பவர் புதிய தேதியைச் சொல்லி, வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். வாங்கியவர் பதில் போடாவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம். அந்தத் தேதியும் தவறினால் மௌனம் சம்மதம் ஆகாது. காத்திருக்கிறேன் என்று வாங்கியவர் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் இணையக் கடைகள் ஏராளமாக ஆர்டர் வாங்கிவிட்டுத் திணறின. தாமதத்தை முறைப்படி தெரிவிக்காமல் விட்டதற்காக, அடுத்த ஆண்டு ஏழு நிறுவனங்கள் மொத்தம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. டாய்ஸ் ஆர் அஸ், மேசிஸ் போன்ற பெரிய பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

நம் நாட்டில் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சொன்ன காலத்துக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக்கூடாது என்கின்றன. மனிதச் சக்திக்கு மீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மழையைக் காட்டி அந்த விலக்கைக் கேட்கலாமே என்று சில கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். ஊரையே மூழ்கடிக்கும் வெள்ளம் என்றால் சரி. ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை பெய்யும் மழையைக் காரணம் காட்டி ஒருவரின் பணத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது முறையில்லை. ரத்து செய்யும் வசதியைக் கடிதத்தில் தயங்காமல் எழுதிவிடுவதே நல்லது.

அடுத்தது தள்ளுபடி. எவ்வளவு கொடுப்பது? நம் கடைக்கு நெசவுக் கூலி, நூல், சாயம், கூரியர் எல்லாம் போக ஒரு சேலைக்கு 500 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 4-க்குப் பெறுகிறவர்களுக்குப் பண்டிகை தவறவில்லை, அவர்களுக்கு 5 சதவீதம், அதாவது 120 ரூபாய் போதும். பொங்கலைத் தவறவிடுகிறவர்களுக்கு 10 சதவீதம், 240 ரூபாய். மொத்தச் செலவு 6,960 ரூபாய். இது கடைக்காரரின் பங்கிலிருந்து போக வேண்டும். நெசவாளரின் கூலியில் ஒரு பைசாகூடக் கைவைக்கக் கூடாது. தறியில் உட்கார முடியாத நாட்களுக்கு அவர் ஏற்கனவே கூலியை இழந்துவிட்டார்.

அந்தத் தொகையை எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 'அடுத்த முறை 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 10 சதவீதத் தள்ளுபடி, இம்மாத இறுதிவரை மட்டும்' என்று கூப்பன் அனுப்பும் வழக்கம் பரவியிருக்கிறது. முதல் சேலையே வராதவரிடம் இரண்டாவது சேலையை விற்கப் பார்ப்பது அது. வாங்கியவருக்கு உடனே புரிந்துவிடும், புண்படுவார். இந்த ஆர்டருக்கே, அவர் கட்டிய பணத்திலிருந்தே திருப்பிக் கொடுங்கள். நிபந்தனை வேண்டாம். குறிப்பாக, குறைகூறிப் பதிவு போடாமலிருக்கத் தருகிறோம் என்ற தொனி வரவே கூடாது. ஜெர்மனியில் இபே தளத்தில் விற்ற ஒரு நிறுவனம், மோசமான மதிப்பீடு எழுதியவர்களில் ஒரு பகுதியினரிடம் வெறும் மன்னிப்பு கேட்டு மதிப்பீட்டைத் திரும்பப் பெறச் சொன்னது. மற்றவர்களுக்கு அதற்காக 2.5 அல்லது 5 யூரோ தருவதாகச் சொன்னது. 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மன்னிப்பு கேட்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இசைந்தார்கள். காசு காட்டப்பட்டவர்களில் நாலில் ஒருவர்கூட இசையவில்லை. ஊபர் சோதனையில் பலித்த பணம் இங்கே பலிக்கவில்லை. அங்கே அது தாமதத்துக்கான ஈடாக வந்தது, இங்கே வாயை மூட விலையாக வந்தது.

இனி கடிதத்தையே எழுதிப் பார்ப்போம். பொங்கல் தவறும் 20 பேரில் ஒருவருக்குப் போவது இது. எண்ணும் தேதியும் கற்பனை. மேலே பெறுபவரின் பெயர் இருக்கும்.

பொருள்: ஆர்டர் 1147, உங்கள் சேலை ஜனவரி 16-க்குள் வரும். தாமதத்துக்கு மன்னியுங்கள்

"வணக்கம்.

நவம்பர் 21 அன்று நீங்கள் வாங்கிய அரக்குக் கரை பருத்திச் சேலையை டிசம்பர் 20-க்குள் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தோம். அந்தத் தேதியில் எங்களால் தர முடியாது. உங்களைக் காத்திருக்க வைப்பதற்கு மன்னியுங்கள்.

தொடர்மழையால் பாவு காயவைக்க முடியாமல் தறிகள் நின்றிருக்கின்றன. மழைக்காலம் என்று தெரிந்தும் கூடுதல் நாள் கேட்காமல் ஆர்டர் எடுத்தது எங்கள் தவறு.

உங்கள் சேலை ஜனவரி 16-க்குள் உங்கள் கையில் இருக்கும். பொங்கலுக்கு முன் வராது. பொங்கலுக்கு உடுத்தத்தான் வாங்கினீர்கள் என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள், முன்னதாகத் தர முடியுமா என்று பார்த்து டிசம்பர் 12-க்குள் சொல்கிறோம்.

விலையில் 10 சதவீதமான 240 ரூபாயை, நீங்கள் பணம் கட்டிய அதே வழியில் மூன்று நாளுக்குள் திருப்பி அனுப்புகிறோம். இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எந்த இணைப்பையும் அழுத்தச் சொல்ல மாட்டோம், பின் எண் கேட்க மாட்டோம்.

சேலை வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வரி எழுதுங்கள். 2,400 ரூபாயும் முழுதாக வரும்.

சேலை கிளம்பும் அன்று கூரியர் எண்ணோடு மறுபடி எழுதுகிறோம்."

கீழே கடை உரிமையாளரின் பெயரும், அவர் நேரில் எடுக்கும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

நூற்றுச் சொச்சம் சொற்களில் முடிந்துவிட்டது. தேதி பொருள் வரியிலேயே வந்துவிடுகிறது. கைபேசித் திரையில் அதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தாலும் வேண்டிய செய்தி போய்ச் சேரும். காரணம் இரண்டே வாக்கியம். நீட்டி முழக்கியிருந்தால் சாக்குச் சொல்வதாகத் தோன்றும். "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்ற பழைய சொற்றொடரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எந்தக் காரணத்தையும் சொல்லாமல் தப்பிக்க உதவும் சொல் அது. "உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்ற வரியும் இல்லை. சிரமம் ஏற்பட்டிருக்கிறது, அதில் 'இருந்தால்' என்பதற்கு இடமில்லை.

இணைப்பையும் பின் எண்ணையும் பற்றிய அந்த வரி இன்றைக்கு மிக அவசியம். பார்சல் தாமதம், பணம் திரும்பத் தருகிறோம், இங்கே அழுத்துங்கள் என்று மோசடிக்காரர்கள் அனுப்பும் செய்திகள் எல்லாக் கைபேசிக்கும் வருகின்றன. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. நேர்மையான கடையின் கடிதம் மோசடிக் கடிதத்தைப் போல இருந்துவிடக் கூடாது. ஆர்டர் எண், சேலையின் நிறம், வாங்கிய தேதி ஆகிய மூன்றையும் எழுதுவது இந்தச் சந்தேகத்தை நீக்கவும்தான்.

அனுப்பும் முறையில் நேரும் தவறுகளில் இரண்டு பெரியவை. எல்லா முகவரிகளையும் To பெட்டியில் போட்டு ஒரே தட்டில் அனுப்பிவிடுவது முதலாவது. வாங்கியவர்களின் முகவரிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும், கோபக்காரர் ஒருவர் 'எல்லோருக்கும் பதில்' போட்டால் 20 பேரும் சேர்ந்துகொள்வார்கள். Bcc பெட்டி இதைத் தவிர்க்கும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் ஆர்டர் எண்ணை அதில் எழுத முடியாது. 20 கடிதங்களைத் தனித்தனியாக அனுப்புவது ஒரு மணி நேர வேலை, அதைச் செய்துவிடலாம். பதில் எழுத முடியாத noreply முகவரியிலிருந்து அனுப்புவது இரண்டாவது. பதில் எழுதுங்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது அது.

எப்போது அனுப்புவது என்பதில் தயக்கம் தேவையில்லை. சொன்ன தேதி டிசம்பர் 20. அதைக் காப்பாற்ற முடியாது என்று 9-ஆம் தேதி தெரிந்துவிட்டது. அன்றே அனுப்ப வேண்டும். வாங்கியவர் 21 அன்று போன் செய்து கேட்ட பிறகு வரும் மன்னிப்பு, கேட்டதால் வந்ததாகிவிடும். முன்னதாகச் சொன்னால் பொங்கலுக்கு வேறு சேலை வாங்கவாவது அவருக்கு நாள் இருக்கும்.

கடிதம் சரியாக எழுதப்பட்டதா என்பதை வரும் பதில்களே காட்டிவிடும். "வேண்டாம்", "பொங்கலுக்கு வேண்டும்", "பரவாயில்லை" என்று வந்தால் நல்லது. "அப்படியானால் எப்போது வரும்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டால் தேதி சரியாக எழுதப்படவில்லை. அத்தனை கவனத்துக்குப் பிறகும் ஜனவரி 16 தவறும்போல இருந்தால், இரண்டாவது மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டு, பணம் கேட்பவருக்கு அன்றே அனுப்பிவிட வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஒரு கடிதம் வந்தால் கடையின் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு எந்த நாளில் தேவை என்பதை ஒரு வரி எழுதிப்போடுங்கள், சேலை எந்தத் தொகுப்பில் போக வேண்டும் என்பதைக் கடைக்காரர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். புதிய தேதியும் தவறி, பணமும் வராமல், பதிலும் இல்லையென்றால் முதலில் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் உங்கள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் விதி இருக்கிறது. அதுவும் நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.